பன்னிரண்டு பேரின் தூக்கமும் ஒரு தலைப்பும்: கேள்வி பதில்

அக்கா, என் நண்பர்கள் 12 பேரிடம் கேட்டேன். கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கும் 6 பேர், பக்கத்திலேயே வைக்கும் 6 பேரைவிடச் சராசரியாக 40 நிமிடம் கூடத் தூங்குகிறார்கள். "கைபேசியை வெளியே வைத்தால் 40 நிமிடம் கூடுதல் தூக்கம்" என்று தலைப்பு வைக்கலாமா?

வேண்டாம். நீங்கள் அனுப்பிய எண்களையே எடுத்துக்கொள்வோம். வெளியே வைப்பவர்கள் தூங்கிய மணி நேரம் 7.5, 8, 6.5, 7, 9, 7. சராசரி ஏழரை. பக்கத்தில் வைப்பவர்களுக்கு 6.5, 7, 7.5, 6, 7, 7. சராசரி ஆறு மணி 50 நிமிடம். கணக்கில் தவறில்லை, 40 நிமிடம்தான்.

இப்போது அந்த 9 மணி நேரக்காரரை மட்டும் விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். முதல் குழுவின் சராசரி 7.2 ஆகிவிடும், வித்தியாசம் 22 நிமிடத்துக்கு இறங்கிவிடும். உங்கள் தலைப்பின் பாதிப் பாரத்தை ஒரே ஒரு நண்பர் சுமக்கிறார். அவர் ஊரில் இல்லாத வாரத்தில் கேட்டிருந்தால் வேறு கட்டுரை எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்றையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 12 எண்களையும் 12 துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். கைபேசி எங்கே இருந்தது என்பதை மறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆறு ஆறாகப் பிரியுங்கள். இரண்டு சராசரிகளுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொண்டு, மறுபடி குலுக்குங்கள். 12 சீட்டை இப்படிப் பிரிக்க மொத்தம் 924 வழிகள் உண்டு. நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவற்றில் 202 வழிகளில் ஏதாவது ஒரு பக்கம் 40 நிமிடமோ அதற்கு மேலோ கூடுதலாக வந்துவிடுகிறது. அதாவது கைபேசிக்கும் தூக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும், சராசரியாக ஐந்து குலுக்கலுக்கு ஒரு முறையாவது இந்த அளவு வித்தியாசம் வந்து நிற்கும். இதை நம்பி யாரையும் எதையும் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது.

அப்போ 12,000 பேரிடம் கேட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சாம்பிள் பெரிதானால் காரணம் நிரூபணம் ஆகிவிடும், சரிதானே?

பாதி சரி. 12,000 பேர் இருந்தால் குலுக்கலில் தற்செயலாக 40 நிமிடம் வருவது அநேகமாக நின்றுபோகும். ஆனால் கைபேசியை வெளியே வைப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே இருக்கும். இரவில் வேலை அழைப்பு வராதவர், கைக்குழந்தை இல்லாதவர், உடம்பைப் பற்றி ஏற்கெனவே அக்கறை உள்ளவர். இவர்கள் கைபேசியை எங்கே வைத்தாலும் நன்றாகத் தூங்கக்கூடும். காரணம் தலைகீழாகவும் இருக்கலாம். தூக்கம் வராதவர்தான் இரவு 2 மணிக்குக் கையில் எதையாவது எடுக்கிறார். ஆளைக் கூட்டினால் இந்தச் சாய்வு குறையாது. தவறான விடையை இன்னும் உறுதியாகச் சொல்வோம், அவ்வளவுதான்.

மருத்துவத்தில் இது நடந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று அமெரிக்காவில் பல பெரிய ஆய்வுகள் காட்டின. 1976இல் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியரைப் பின்தொடர்ந்த ஆய்வும் அவற்றில் ஒன்று. பிறகு 16,608 பெண்களுக்கு ஒரு சோதனை நடந்தது. யாருக்கு ஹார்மோன், யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. 2002இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது, இதய நோயும் குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது. முந்தைய ஆய்வுகளில் தாங்களாகவே மாத்திரை எடுத்தவர்கள் பொதுவாக வசதியும் உடல்நலமும் கூடியவர்கள். வித்தியாசத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதும் ஒரு காரணம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

மேடம், நான் போன மாதம் ராத்திரி தூக்கமே இல்லாமல் தவித்தேன். கைபேசியை ஹாலில் வைக்க ஆரம்பித்தேன். மூன்றே வாரம், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறேன். என் உடம்புக்குத் தெரியாதா?

நன்றாகத் தூங்குகிறீர்கள் என்பது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதனால் என்பதுதான் கேள்வி. நீங்களே சொல்கிறீர்கள், தொடங்கியது ஆக மோசமான நாட்களில். தூக்கம் ஏறி இறங்கும் பொருள். அடிமட்டத்தில் இருக்கும்போது எதைத் தொடங்கினாலும் அடுத்த சில வாரம் அது தானாகவே கொஞ்சம் மேலே வரும். எந்த மருந்து சாப்பிட்டாலும் ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விடுகிற மாதிரிதான்.

தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் ஒரு மாதம் தினமும் இரவு நாணயம் சுண்டுங்கள். தலை விழுந்தால் ஹால், பூ விழுந்தால் படுக்கை. காலையில் எழுந்ததும் நேரத்தைக் குறியுங்கள். எந்த இரவு எது என்பதை நாணயம் தீர்மானிப்பதால், மன உளைச்சல் உள்ள நாளும் நல்ல நாளும் இரண்டு பக்கமும் கலந்துவிடும். ஒரு குறை இருக்கிறது. ஹாலில் இருப்பது உங்களுக்குத் தெரியும், "இன்று நன்றாகத் தூங்குவேன்" என்ற நம்பிக்கையும் தூக்கத்தைத் தொடும். அதை இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. அதோடு, கிடைக்கும் விடை உங்களுக்கானது. ஊருக்கெல்லாம் பொருந்தும் என்று எழுத முடியாது.

அதாவது கைபேசியால் தூக்கம் கெடாது என்கிறீர்கள். இவ்வளவு நாள் எல்லோரும் சொன்னது பொய்யா?

அப்படிச் சொல்லவில்லை. இந்த 12 பேரை வைத்து "கெடும்" என்றும் சொல்ல முடியாது, "கெடாது" என்றும் சொல்ல முடியாது.

30 பேர் இருந்தால் போதும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதுதானே அளவு?

அந்த 30 வேறொரு கணக்குக்குச் சொன்ன தோராயம். இங்கே இரண்டு விஷயம்தான் அளவைத் தீர்மானிக்கும். தேடும் வித்தியாசம் எவ்வளவு, ஆளுக்கு ஆள் தூக்கம் எவ்வளவு மாறுகிறது. மாறுபாடு சுமார் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே 40 நிமிட வித்தியாசம் இருந்தால், ஐந்தில் நான்கு முறையாவது அதைப் பிடிக்கக் குழுவுக்கு 36 பேர் வேண்டும். தேடுவது 20 நிமிடம் என்றால் பாதி வித்தியாசத்துக்கு இரட்டிப்பு ஆட்கள் போதாது, நான்கு மடங்கு வேண்டும். குழுவுக்கு 144 பேர். ஆளுக்கு ஆள் மாறுபாடே இல்லாத விஷயமானால் ஐந்தாறு பேரிலேயே தெரிந்துவிடும்.

அக்கா, தலைப்பை மாற்றிவிட்டேன்: "கைபேசிக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு: 12 பேரிடம் கண்டது." இப்போது சரியா?

முன்பைவிட எவ்வளவோ நேர்மை. ஆனாலும் "தொடர்பு" என்ற சொல் என்னை உறுத்துகிறது. எழுதுகிறவர் "இரண்டும் சேர்ந்து வருகின்றன" என்று நினைத்து எழுதுகிறார், படிக்கிறவர் "இதனால் அது" என்றே வாசிக்கிறார். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். சரியான சொல்லை எழுதியது போதும், படிப்பவர் தவறாக எடுத்தால் நாம் என்ன செய்வது என்பார். எங்களுக்குள் இது தீரவில்லை.

நானாக இருந்தால் "தொடர்பு" என்று முடிவு சொல்லாமல், பார்த்ததை மட்டும் எழுதுவேன்: "நான் கேட்ட 12 நண்பர்களில், கைபேசியை வெளியே வைக்கும் 6 பேர் சராசரியாக 40 நிமிடம் கூடுதலாகத் தூங்குவதாகச் சொன்னார்கள். ஒருவரை நீக்கினால் அது 22 நிமிடம்." அதன் கீழே 12 எண்களையும் அப்படியே போட்டுவிடுங்கள். "சொன்னார்கள்" என்பதை எடுத்துவிடாதீர்கள். அவர்கள் தூங்கியதை நீங்கள் யாரும் அளக்கவில்லை.