முதல் ஜாப் அளந்ததுக்கு அப்புறம் வியர் ஆஃப்செட் எவ்வளவு, எப்படி போடணும்?

கேள்வி: ஃபேனக் கன்ட்ரோல் டர்னிங் மெஷின். டிராயிங்ல டயா 28, லிமிட் -0.020 / -0.041. புரோகிராம்ல X28.0. சேஃப்டிக்கு வியர்ல 0.150 வச்சு ஓட்டுனேன், முதல் ஜாப் 28.163 வருது. மிட் லிமிட்டுக்கு கொண்டுவர எவ்வளவு போடணும், பாதியா முழுசா, பிளஸ்ஸா மைனஸா?

முதல்ல மிட் எங்க இருக்குன்னு பாத்துருங்க. மேல் லிமிட் 27.980, கீழ் லிமிட் 27.959, நடுவுல 27.9695. ஸ்கிரீன் மூணு டெசிமல்தான் எடுக்கும், அதனால 27.970ன்னே வச்சுக்கலாம். இப்ப வேணுங்கிற சைஸ்ல இருந்து அளந்த சைஸை கழிங்க, இந்த வரிசையிலதான் கழிக்கணும், மாத்திடாதீங்க. 27.970ல 28.163 போனா -0.193. அந்த மைனஸோட அப்படியே ஏற்கனவே இருக்கிற வியரோட கூட்டணும், அதாவது 0.150 - 0.193 = -0.043. வியர் பேஜ்ல கடைசியா நிக்க வேண்டிய நம்பர் இதுதான்.

இந்த வரிசைய பிடிச்சுக்கிட்டா ஓடியா ஐடியான்னு யோசிக்கவே வேண்டியதில்ல. போரிங்ல ஓட்டை சின்னதா வந்தா கழிச்சதும் தானா பிளஸ் வரும், டூல் வெளிப்பக்கம் போய் ஓட்டை பெருசாகும். "ஓடின்னா மைனஸ், ஐடின்னா பிளஸ்"னு மனப்பாடம் பண்ணவங்கதான் போரிங் பெருசா போயிட்ட நாள்லயும் பிளஸ் போட்டு ஜாப்பை ரிஜெக்ட் பண்றாங்க.

பாதியா முழுசான்னா, நீங்க பார்க்கிற மெஷின் பெரும்பாலும் டயா கணக்குலதான் இருக்கும், அதனால முழுசு. சந்தேகம் இருந்தா வியர்ல 0.100 மாத்தி ஒரு கட் எடுத்து அளந்து பாருங்க, டயா 0.200 மாறுனா உங்க மெஷின் ரேடியஸ் கணக்குல செட் ஆகியிருக்கு, அப்ப பாதிதான் போடணும்.

அடுத்து கீ. கர்சரை அந்த டூலோட ஆஃப்செட் நம்பர் லைன்ல Xல வச்சு -0.193 டைப் பண்ணி `+INPUT` அமுக்கணும், அது இருக்கிறதோட கூட்டும். வெறும் `INPUT` அமுக்குனா பழைய 0.150 அழிஞ்சு அந்த இடத்துல -0.193 உட்காரும், டூல் மொத்தமா 0.343 உள்ள போகும், ஜாப் 27.820 ஆயிடும், கீழ் லிமிட்டுக்கு 139 மைக்ரான் கீழ. எது அமுக்குனாலும் சரி, கைய எடுத்துட்டு ஸ்கிரீன்ல -0.043 நிக்குதான்னு ஒரு தடவ படிச்சுட்டு அப்புறம் சைக்கிள் ஸ்டார்ட்.

இனிமே வர்றது உங்க கேள்வியில இல்ல, ஆனா நீங்க மாட்டப் போற இடம் இதுதான். அந்த -0.043ல எல்லாமே டூல் செட்டிங் தப்பு இல்ல. X28.0ன்னு நாமினலை எழுதிட்டு மிட்டுக்கு இறக்கறதுலயே 0.030 போயிடுது, மிச்சம் 0.013தான் டச் பண்ணப்ப வந்த வித்தியாசம், ஜாப் லேசா தள்ளிக்கிட்டது இதெல்லாம். ஒரே டயா இருந்தா ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஆனா அதே டூல் பக்கத்துல 35 டயாவுல பேரிங் சீட்டும் போடுதுன்னு வைங்க, அதுக்கு லிமிட் +0.018 / +0.002, மிட் 35.010. X35.0ன்னு எழுதியிருந்தா இதே முதல் ஜாப்ல அது கிட்டத்தட்ட 35.163 வந்திருக்கும். இப்ப நீங்க 28க்காக -0.193 போட்டா அதுவும் சேர்ந்து 34.970க்கு இறங்கும், கீழ் லிமிட்டுக்கு 32 மைக்ரான் கம்மி, பேரிங் லூசு. ஏன்னா வியர் டூலுக்கு, டயாவுக்கு இல்ல. அப்புறம் ஷிஃப்ட் முழுக்க ஒண்ணை சரி பண்ணா இன்னொண்ணு போகுதுன்னு சுத்திக்கிட்டே இருப்பீங்க.

இதுக்கு வியர் பேஜ்ல மருந்து கிடையாது, புரோகிராம்லதான் இருக்கு. ஃபினிஷ் பாத்துல ரெண்டையும் மிட்லயே எழுதிடுங்க:

```
X27.97
X35.01
```

இப்ப அதே 0.150 வியர்ல முதல் ஜாப் 28.133, 35.173ன்னு வரும், ரெண்டுக்குமே கழிச்சா -0.163, ஒரே நம்பர். வியர் -0.013ல நிக்கும், ரெண்டும் மிட்ல உட்காரும். எனக்கு கேட்டா டாலரன்ஸ் ஒரு பக்கமா சாய்ஞ்ச எந்த டயாவையும் நாமினல்ல எழுதவே கூடாது, கேம்ல இருந்து வர்ற புரோகிராம் அப்படித்தான் வரும், அதை திருத்த சோம்பல்படறதுதான் பாதி தலைவலி.

சரி, ஆஃப்செட் போட்டாச்சு, அதே ஜாப்ல ஃபினிஷிங்கை திரும்ப ஓட்டி 27.970 வந்துருச்சு, செட்டிங் முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க. ரஃபிங் 28.5ல விட்டிருந்தா ரீகட்ல டூல் ஒரு பக்கத்துக்கு 0.1 மிமீகூட எடுக்கல, ரெண்டாவது ஜாப்லயோ 28.5ல இருந்து நேரா 27.97க்கு போகுது, ஒரு பக்கத்துக்கு 0.265. நோஸ் ரேடியஸ் 0.8 இன்செர்ட்ல இந்த ஆழத்துக்கு ஃபோர்ஸ் பெரும்பாலும் ஜாப்பை தள்ளுற திசையிலதான் வரும், அதனால ரெண்டாவது ஜாப் சில மைக்ரான் பெருசா வர்றது சாதாரணம். நிஜமான ரிசல்ட் ரெண்டாவது ஜாப்தான், அதை அளந்து ஒரு சின்ன கரெக்ஷன் குடுங்க. நீங்க சேஃப்டிக்கு 0.150 வச்சது நல்ல வேலை, 0.030 மட்டும் வச்சிருந்தா ரீகட்ல கொஞ்சூண்டு மெட்டல்தான் மிஞ்சும், இன்செர்ட் வெட்டாம தேய்க்கும், மேல பளபளன்னு இருக்கும் ஆனா சைஸ் சொன்ன அளவு இறங்காது.

அளக்கறதுல ரெண்டு விஷயம். ஜாப் கைக்கு சூடா இருக்கும்போது மைக்ரோமீட்டர் வைக்காதீங்க, ஸ்டீல் 28 டயாவுல 15 டிகிரி வித்தியாசத்துக்கு சுமார் 5 மைக்ரான் பெருசா காட்டும், உங்க மொத்த டாலரன்ஸே 21தான். 25-50 மைக்குன்னா கூட வர்ற 25 மாஸ்டரை வச்சு ஜீரோ பாத்துட்டு அளங்க. இன்னொண்ணு, சக் பக்கமும் வெளி முனையிலயும் ரெண்டு இடத்துல பாருங்க. சக் பக்கம் 28.155, முனையில 28.163ன்னு வந்தா அது டேப்பர், வியர் போட்டு போகாது. டேப்பரை எடுக்கிற வரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல 28.159ஐ அளந்த சைஸா எடுத்து கழிங்க, அப்பதான் ரெண்டு முனையும் லிமிட்டுக்குள்ள இருக்கும்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஜாப்புக்கும் 2 மைக்ரான் 3 மைக்ரான் தட்டிக்கிட்டே இருக்காதீங்க. ஆஃப்செட் தொடாமலே ஜாப்புக்கு ஜாப் அவ்வளவு ஆடும், நீங்க துரத்துனா ஆட்டம் அதிகமாகும். தொடர்ந்து ஒரே பக்கமா ஏறுனா, உதாரணமா 27.970, 27.972, 27.975ன்னு போனா அது இன்செர்ட் தேயறது, அப்ப -0.005 குடுங்க. ஓடியில தேய்மானம் பெருசாத்தான் ஆக்கும்னு சிலர் முதல்லயே மிட்டுக்கு கீழ செட் பண்ணுவாங்க. காலையில மெஷின் குளிர்ந்து கிடக்கும்போது எந்தப் பக்கம் நகரும்னு தெரியாம அதை செய்யறது எனக்கு பிடிக்கல, கொஞ்சம் ஜாப் ஓடி போக்கு தெரிஞ்சப்புறம் வேணா 3, 4 மைக்ரான் இறக்கிக்கலாம்.

இன்செர்ட் மாத்தும்போது வியரை ஜீரோ பண்ணிடறது நிறைய பேருக்கு பழக்கம். முதல் ஜாப்ல வந்த -0.043 தேய்மானமே இல்ல, அதை அழிச்சா திரும்ப முதல்ல இருந்துதான். அந்த நம்பரை செட்டிங் ஷீட்ல எழுதி வச்சுக்கிட்டு, புது இன்செர்ட் போட்டதும் அதுகூட 0.150 சேர்த்து 0.107ல ஆரம்பிங்க, அளந்துட்டு திரும்ப அதே கழித்தல்தான்.