மெல்பேண் மாமாவின் கடனை ஏன் வேண்டாம் என்றேன்

கோண்டாவிலில் இருந்து ஒரு தாயும் தகப்பனும் மகளைக் கூட்டிக்கொண்டு, அடுத்து என்ன படிக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார்கள். பிள்ளை உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்தவள். பெறுபேறு நல்லது, யாழ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் நிலை. ஆனால் தாயின் தம்பி மெல்பேணில் இருந்து தினமும் தொலைபேசி எடுக்கிறார். "அங்கே விட்டு வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? இங்கே அனுப்புங்கோ. முதல் செலவுக்கு 40,000 அவுஸ்திரேலிய டொலர் நான் கடனாகத் தாறன். வட்டி வெறும் 5 வீதம். இலங்கையில் எந்த வங்கி தரும்?" தகப்பன் இரும்புக் கடை வைத்திருக்கிறார். திருப்பிக் கட்டப்போவது கடை வருமானத்தில் இருந்து.

"பயப்படாதேங்கோ, நல்லாய் வரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, கடையில் எந்த நாணயத்தில் விற்கிறீர்கள்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ரூபாவில்தான்.

சரி, அப்படியென்றால் கணக்கைப் பார்ப்போம் என்றேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அவுஸ்திரேலிய டொலர் கிட்டத்தட்ட 147 ரூபா. அந்த 40,000 டொலர் அப்போது 59 லட்சம் ரூபா. மே மாதத்தில் ஒரு டொலர் 250 ரூபாவளவில் நின்றது. அதே கடன் 1 கோடி ரூபா. இடையில் நீங்கள் ஒரு சதமும் கூடுதலாகக் கடன் வாங்கவில்லை. 5 வீத வட்டி மாறவேயில்லை. கடன் மட்டும் இரண்டரை மாதத்தில் 41 லட்சத்தால் வளர்ந்துவிட்டது.

இதற்குள் பிள்ளை வாய் திறந்தாள். கைத்தொலைபேசியில் ஒரு வங்கியின் ஆண்டறிக்கையைத் திறந்து காட்டினாள். "அந்த வருசம் புதுக் கடன் பெரிதாகக் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடன் தொகை கூடியிருக்கு. மூலதன விகிதம் குறைஞ்சிருக்கு. இரண்டும் எப்படி ஒன்றாய் நடக்கும்?"

இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்கிற பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. கணக்காளர் படிப்பு, முகாமைத்துவம், ஆசிரியத் தொழில் எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விடுகிறேன். இவளுக்கு நான் சொல்லும் வழி வங்கியின் இடர் முகாமைத்துவப் பிரிவு. நம் ஊரில் வங்கி வேலை என்றால் காசாளர் யன்னலும் கிளை முகாமையாளர் கதிரையும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. பின்னால் இருந்து, எந்தக் கடன் எந்த நிலையில் உடையும் என்று கணக்குப் போடுகிறவர்களை யாரும் காண்பதில்லை.

அவள் கேட்டதற்கு விடையை ஒரு கற்பனைக் கம்பனியை வைத்துச் சொன்னேன். அமெரிக்க டொலர் 200 ரூபாவாக இருக்கும்போது அந்தக் கம்பனி வங்கியிடம் 10 லட்சம் டொலர் கடன் எடுக்கிறது. அதாவது 20 கோடி ரூபா. கட்டடம், இயந்திரம், கையிருப்பு எல்லாம் சேர்த்து சொத்து 30 கோடி. சொந்த மூலதனம் 10 கோடி, ஆரோக்கியமான ஐந்தொகைதான். டொலர் 360 ரூபாவாகிறது. கடன் 36 கோடி, சொத்து அதே 30 கோடி. மூலதனம் போய், 6 கோடி பள்ளம். வட்டி 6 வீதம் என்றால், வருடத்துக்கு 1 கோடி 20 லட்சமாக இருந்தது 2 கோடி 16 லட்சமாகிறது. கம்பனி விற்பது உள்ளூரில், ரூபாவில். இறால் ஏற்றுமதி செய்கிற கம்பனியாக இருந்தால் வருமானமும் டொலரில் ஏறியிருக்கும், இந்த அடி விழாது.

இனி வங்கியைப் பாருங்கள். அது டொலர் வைப்பை வாங்கி டொலராகவே கடன் கொடுத்தது. அதனால் ஏட்டில் நாணய ஆபத்து எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் சமம். ஆனால் கடன் 20 கோடியில் இருந்து 36 கோடியாக வீங்கும்போது வங்கியின் சொந்த மூலதனம் ரூபாவில் அப்படியே நிற்கிறது. சொந்த மூலதனத்தைக் கொடுத்த கடனோடு ஒப்பிடுகிற அந்த மூலதன விகிதம் விழுவது அதனால்தான். அதைவிட மோசம், கடன் வாங்கியவரால் இனிக் கட்ட முடியாது. நாணய ஆபத்து ஒழிந்துபோகவில்லை, வாராக்கடனாக வேறு கதவால் உள்ளே வருகிறது. இடர் பிரிவில் இருப்பவர் ஒவ்வொரு டொலர் கடனுக்கும் இரண்டு கேள்வி கேட்கிறார்: இவர் உழைப்பது எந்த நாணயத்தில்? ரூபா 20 வீதம் விழுந்தால், 50 வீதம் விழுந்தால் இவர் தாங்குவாரா? பிறகு வாங்கவேண்டிய டொலருக்கு இன்றே விலை பேசி, அதாவது முன்பேரம் செய்து, விலையைப் பூட்டலாம்தான். ஆனால் அதற்கு இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டவேண்டும். மலிவான கடன் மலிவாக இராது. பல வருடக் கடனுக்கு அப்படிப் பூட்டித் தர ஆள் கிடைப்பதும் அரிது.

தகப்பன் கேட்டார்: "அப்ப மத்திய வங்கி வட்டியைக் குறைச்சு எங்களைக் காப்பாற்றியிருக்கலாம்தானே?"

நெருக்கடியில் வட்டியைக் குறைக்க முடிந்த நாடுகள் உண்டு. 2008இல் அவுஸ்திரேலிய டொலர் சில மாதங்களில் 98 அமெரிக்க சதத்தில் இருந்து 60 சதத்துக்குக் கிட்ட விழுந்தது. அந்த நாட்டு மத்திய வங்கி வட்டியை 7.25 வீதத்தில் இருந்து 2009 ஏப்ரலுக்குள் 3 வீதத்துக்குக் கொண்டுவந்தது. அங்குள்ள வங்கிகளும் கம்பனிகளும் பெரும்பாலும் தங்கள் சொந்த டொலரில் கடன்பட்டிருந்தன, அல்லது வெளிநாட்டுக் கடனை முன்கூட்டியே பூட்டி வைத்திருந்தன. நாணயம் விழுந்தால் அவர்களின் ஐந்தொகை உடையாது, ஏற்றுமதிதான் கூடும்.

நமக்கு அந்த இடம் இல்லை. வட்டியைக் குறைத்தால் ரூபா இன்னும் விழும். அரசு, பெற்றோலியக் கூட்டுத்தாபனம், அதற்கு டொலரில் கடன் கொடுத்த அரச வங்கிகள் எல்லாருடைய சுமையும் ஏறும், இறக்குமதி விலையும் ஏறும். வட்டியைக் கூட்டினால் ரூபாவில் கடன்பட்டவர்கள் நசிவார்கள். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தி, வங்கிகளுக்குத் தான் கடன் வழங்கும் வீதத்தை 14.50 ஆக்கியது. ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. வட்டி கூட்டியும் ரூபா உடனே நிற்கவில்லை, மே மாதத்தில் அமெரிக்க டொலர் 360 ரூபாவைத் தொட்ட பிறகுதான் அடங்கியது. கடன் திரும்பி வருமா என்று சந்தேகம் இருக்கும்போது கூடுதல் வட்டி மட்டும் வெளிநாட்டுப் பணத்தை இழுத்து வராது.

"உங்களுடைய மேலதிகப்பற்றுக்கு அப்போது என்ன வட்டி?" என்றேன். "28 வரைக்கும் போனது" என்றார், மெதுவாக. இன்னொருவர் டொலரில் பட்ட கடனுக்கு இவர் ரூபாவில் கட்டினார். இதற்கு மேல் மாமாவின் கடனும் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் அடி.

மகள் அங்கேயே உழைத்துக் கட்டுவாள் என்று தாய் சொன்னா. உழைப்பும் கடனும் ஒரே நாணயத்தில் இருந்தால் இந்த ஆபத்து குறையும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே மாணவ விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். பிறகு வேலை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அதைவிட, போகவேண்டும் என்று பிள்ளை ஒரு தரமும் சொல்லவில்லை. மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் ஆண்டறிக்கைக்குத்தான் திரும்பினாள்.

யாழ் பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணம் இல்லை. பொருளியலோ நிதி முகாமைத்துவமோ எடுக்கட்டும், புள்ளிவிபரவியலை விடவேண்டாம். பக்கத்தில் வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளை எழுதலாம். விடுமுறையில் ஒரு வங்கியின் ஐந்து வருட அறிக்கைகளை எடுத்து, டொலர் கடன் எவ்வளவு, மூலதன விகிதம் எவ்வளவு என்று ஓர் அட்டவணை போட்டுப் பழகட்டும். நேர்முகத்தில் அந்த ஒரு தாள் பேசும்.

மாமாவுக்கு என்ன சொல்வது என்று தாய் கேட்டா. உதவத்தான் விருப்பம் என்றால் கடனை ரூபாவில் எழுதித் தரச் சொல்லுங்கள், அதே 5 வீதத்துக்கு, என்றேன். நாணயம் விழுந்தால் நட்டம் அவருடையது. அப்போதும் தருவாரா என்று இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.