சோள மாவுத் தூண்களும் பசால்ட் தூண்களும்: விரிசல் ஏன் ஆறு பக்கமாகிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எரிமலைப் பாறை ஆறு பக்கத் தூண்களாகப் பிளந்து நிற்கும் படத்தைப் பார்த்த மாணவர்கள், அது ஏன் அப்படி ஆகிறது என்று கேட்கிறார்கள். சோள மாவையும் தண்ணீரையும் கலந்து காயவைத்தால் அதே வடிவம் வரும் என்று கேள்விப்பட்டு, ஒரு தட்டில் மெல்லியதாக ஊற்றி வெயிலில் வைத்தோம். காய்ந்த வயலைப் போல் மேலே சில விரிசல்கள் வந்தனவே தவிர, தூண் எதுவும் வரவில்லை. எங்கே தவறினோம்?

பதில்: வணக்கம். உங்கள் தட்டில் மாவு மிக மெல்லியதாக இருந்தது என்பதுதான் சுருக்கமான விடை. ஆனால் தடிமன் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொண்டால், பசால்ட் என்ற அந்த எரிமலைப் பாறை ஏன் தூணாகிறது என்ற மாணவர்களின் கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும். ஆகவே முதலில் பாறையைப் பார்ப்போம், பிறகு தட்டுக்கு வருவோம்.

பசால்ட் குழம்பு பூமிக்குள்ளிருந்து வெளியே வரும்போது அதன் வெப்பம் ஏறத்தாழ 1100 முதல் 1200 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அது ஒரு பள்ளத்தில் தேங்கி நின்றால், மேற்பரப்பு காற்றாலும் மழையாலும் முதலில் குளிர்ந்து இறுகும். அடிப்பகுதி தரையைத் தொட்டுக் குளிரும். நடுப்பகுதி நெடுநாள் சூடாகவே இருக்கும். இறுகிய பாறை மேலும் குளிரும்போது சுருங்க முயல்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள பசால்ட் 100 பாகை குளிர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். இது கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றினாலும், பாறை பக்கவாட்டில் பல நூறு மீட்டர் பரந்து, அக்கம்பக்கத்துப் பாறையோடு ஒட்டி நிற்பதால், அது நினைத்தபடி சுருங்க முடிவதில்லை. செங்குத்தாகச் சுருங்கும்போது மேற்பரப்பு சற்றே கீழே இறங்கிக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை; பக்கவாட்டில்தான் தடை இருக்கிறது. எனவே பாறைக்குள் பக்கவாட்டு இழுவிசை ஏறிக்கொண்டே போய், பாறையின் வலிமையை மிஞ்சும் கணத்தில் அது பிளக்கிறது. இழுவிசை படுத்த நிலையில் இருப்பதால் விரிசல் நிமிர்ந்து நிற்கிறது. தூண்கள் எப்போதும் குளிர்ந்த பரப்புக்குச் செங்குத்தாக இருப்பதன் காரணம் இதுவே. நிலத்தடிப் பிளவு ஒன்றில் சுவர்போலப் புகுந்து உறைந்த பசால்ட்டில், குளிர்ந்த பரப்புகள் இரு பக்கச் சுவர்களாக இருப்பதால், தூண்கள் விறகு அடுக்கியதுபோல் படுத்துக் கிடக்கும்.

எந்த வெப்பநிலையில் பாறை பிளக்கிறது என்பதை லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐஸ்லாந்திலிருந்து எடுத்துவந்த பசால்ட் துண்டுகளைச் சூடாக்கி, இறுகப் பிடித்தபடி குளிரவிட்டு, 2018இல் அளந்து வெளியிட்டார்கள். அது 840க்கும் 890க்கும் இடைப்பட்ட பாகையாக இருந்தது. குழம்பு முழுதாகக் கெட்டியாகும் வெப்பநிலை ஏறத்தாழ 980 பாகை என்பதால், பாறை கெட்டியான உடனே பிளந்துவிடுவதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்தச் சூட்டில் பாறை இன்னும் மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கக்கூடியதாக இருப்பதால், சேரும் இழுவிசை கரைந்துபோகிறது. இன்னும் நூறு பாகை அளவுக்குக் குளிர்ந்து முறுகிய பிறகுதான் விரிசல் விழுகிறது.

இந்தச் செய்தியை மாணவர்களுக்கு நிதானமாகச் சொல்லுங்கள், ஏனெனில் தூண் உருவாவதன் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மேலிருந்து இறங்கும் விரிசலின் நுனி, கீழே இன்னும் இளகிய நிலையில் இருக்கும் சூடான பாறையை எட்டியதும், அங்கே இழுவிசை இல்லாததால் நின்றுவிடுகிறது. குளிர்ச்சி இன்னும் சற்று ஆழத்துக்கு இறங்கி, அந்தப் பகுதியும் முறுகிய பிறகு, அதே விரிசல் மேலும் சில சென்டிமீட்டர் தாவுகிறது, மறுபடியும் நிற்கிறது. இவ்வாறு குளிர்ச்சியின் பின்னாலேயே படிப்படியாக இறங்கிய அடையாளம் தூண்களின் பக்கங்களில் கிடைமட்ட வரிப்பட்டைகளாகப் பதிந்திருக்கும். நல்ல புகைப்படம் ஒன்றை உருப்பெருக்கிப் பார்த்தால் மாணவர்களே அவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பட்டை, ஒரு தாவல்.

இனி ஆறு பக்கத்துக்கு வருவோம். தேன்கூட்டைக் காட்டி, ‘இயற்கைக்குச் சிக்கனமான வடிவம் அறுகோணம்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது தவறில்லை என்றாலும், அரைகுறையான விளக்கம் என்பது என் கருத்து. ஏனெனில் குழம்பின் மேற்பரப்பில் முதன்முதலாக விழும் விரிசல்கள் அறுகோணமாக இருப்பதில்லை. ஒரு விரிசல் விழுந்ததும், அதன் விளிம்பில் விரிசலுக்குக் குறுக்கான இழுவிசை விடுபட்டுப்போய், விரிசலை ஒட்டி ஓடும் இழுவிசை மட்டும் எஞ்சுகிறது. ஆகவே பின்னால் வரும் விரிசல், முந்தியதைச் செங்கோணத்தில்தான் வந்து முட்டும். உங்கள் தட்டில் நீங்கள் கண்டதும் இதுதான்: ஒன்று நேராக ஓட, மற்றொன்று அதில் போய் முட்டி நிற்கும் சந்திப்புகள்.

மேற்பரப்பில் யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசை தெளிவாக இருக்கிறது. ஆனால் விரிசல்கள் கீழே தாவத் தொடங்கியதும் அந்த வரிசை குலைகிறது. சந்திப்பில் கூடும் மூன்று விரிசல்களும் ஒவ்வொரு தாவலிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இறங்குகின்றன. ஒருமுறை இது முந்தும், மறுமுறை அது முந்தும். எது முந்தினாலும் மற்றவை அதற்கேற்ப இம்மியளவு விலகிக்கொள்கின்றன. பல தாவல்களுக்குப் பிறகு எந்த விரிசலுக்கும் தனி உரிமை இல்லாத நிலை வந்து, மூன்றும் ஒன்றுக்கொன்று 120 பாகையை நெருங்குகின்றன. எரிமலைப் பாறைகளில் மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப்போகச் செங்கோணச் சந்திப்புகள் குறைந்து, முக்கிளைச் சந்திப்புகள் பெருகுவதை அய்தின், டீகிராஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் படம்பிடித்துக் காட்டினார்கள். மேலே சொன்ன கிடைமட்ட வரிப்பட்டைகள்தான் அவர்களுக்குத் துப்புக் கொடுத்தவை.

எல்லாச் சந்திப்பிலும் மூன்று விரிசல்கள் கூடினால், பரப்பை நிரப்பும் துண்டுகளின் சராசரிப் பக்கம் ஆறாகத்தான் இருக்க முடியும். இது வடிவியல் விதி. ஐங்கோணம் ஒன்று இருந்தால் எங்கேயோ ஓர் எழுகோணம் அதைச் சமன்செய்யும். வட அயர்லாந்தின் ‘ஜயன்ட்ஸ் காஸ்வே’ கடற்கரையில் ஏறத்தாழ 40,000 தூண்கள் உள்ளன. அங்கும் ஐந்து பக்கத் தூண்களும் ஏழு பக்கத் தூண்களும் தாராளமாகக் கலந்திருக்கின்றன. ஆறு பக்கம்தான் அதிகம் என்பது உண்மை, எல்லாமே ஆறு பக்கம் என்பது உண்மையல்ல.

தூணின் பருமனைத் தீர்மானிப்பது குளிரும் வேகம். மெல்லக் குளிர்ந்தால், முறுகிய பாறைக்கும் இளகிய பாறைக்கும் இடைப்பட்ட வலயம் தடிமனாக இருக்கும்; விரிசல்கள் தள்ளித் தள்ளி அமைந்து தூண் பருக்கும். வேகமாகக் குளிர்ந்தால் வலயம் மெலிந்து, தூணும் மெலியும். இங்கே ஒரு புதிர் உண்டு. வெப்பம் பாறை வழியாக மட்டுமே வெளியேறினால், குளிர்ச்சி ஓராண்டில் ஐந்தாறு மீட்டர் ஆழம்தான் இறங்கும், ஆழம் இரட்டிப்பாக நான்கு மடங்கு காலம் பிடிக்கும். அப்படியானால் ஆழம் கூடக்கூட வேகம் தளர்ந்து தூண்கள் பருத்துக்கொண்டே போகவேண்டும். ஆனால் பல இடங்களில் தூண்கள் மீட்டர் கணக்கில் ஒரே பருமனாக நிற்கின்றன. மழைநீர் விரிசல்களுக்குள் இறங்கி, ஆவியாகி, வெப்பத்தை மேலே தூக்கிச் சென்றுகொண்டே இருப்பதால் வேகம் குறைவதில்லை என்பதே விளக்கம். ஹவாயில் 1959இல் உருவான கிலாவேயா இக்கி குழம்பு ஏரியைப் பின்னர் துளையிட்டு வெப்பம் பார்த்தபோது, இறுகிய மேல்பகுதியின் பெரும்பங்கு தண்ணீர் கொதிக்கும் 100 பாகையிலேயே நின்றது இதற்குச் சான்று.

இப்போது உங்கள் தட்டு. மாவில் வெப்பத்தின் இடத்தை ஈரம் பிடிக்கிறது. குளிர்ந்து சுருங்குவதற்குப் பதிலாக மாவு காய்ந்து சுருங்குகிறது. ஆனால் இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் மொத்தத் தடிமனும் ஏறத்தாழ ஒரே சீராக ஈரத்தை இழந்து, மேலிருந்து அடிவரை சில பெரிய விரிசல்கள் விழும். நீங்கள் பார்த்தது இதை மட்டும்தான். அதன் பிறகே உலர்ந்த மாவுக்கும் ஈர மாவுக்கும் இடையே கூர்மையான எல்லை ஒன்று தோன்றி, மெல்லக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைத் தொடர்ந்துதான் சில மில்லிமீட்டர் பருமனுள்ள தூண்கள் உருவாகும். மெல்லிய படலத்தில் அந்த எல்லை இறங்குவதற்கே இடமில்லை.

ஆகவே கடையில் ‘தெப்போங் ஜாகோங்’ என்று விற்கும் வெள்ளை மாவையே வாங்குங்கள். மஞ்சள் நிறச் சோளப்பொடி உதவாது. மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து, நேரான சுவருள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரம் ஊற்றுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும் என்பதால், துணி வெளுக்கும் குளோரின் நீரில் சில துளிகளை நீங்களே சேருங்கள், மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம். மேலே சூடான மேசை விளக்கு ஒன்றை எரியவிட்டு, பாத்திரத்தை அசைக்காமல் பல நாள் விட்டுவிடுங்கள். ஆளில்லாத இரவில் விளக்கை அணைத்துவிடலாம். தினமும் பாத்திரத்தை எடை போட்டுக் குறித்துவந்து, எடை குறைவது நின்றபின் மாவுக்கட்டியை எடுங்கள்.

மேலே பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தூண்கள் உள்ளேதான் இருக்கும். ஒரு கட்டியைக் கையால் மெல்லப் பிளந்தால், பக்கவாட்டில் பென்சில் முனைபோல் மெலிந்த தூண்கள் உதிரும். மேற்பகுதி மட்டும் உதிர்ந்து அடிப்பகுதி பசைபோல் இருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள், மறுபடியும் காய வைத்துவிடுங்கள். மாவில் ஈரத்தைத் தூக்கிச் செல்ல மழைநீர் போன்ற உதவி எதுவும் இல்லாததால், அடிக்குப் போகப்போகத் தூண்கள் பருக்கும். பசால்ட்டுக்கும் மாவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மாணவர்கள் அளவுகோல் வைத்தே காட்டலாம். இரண்டு பாத்திரம் வைத்து, ஒன்றுக்கு விளக்கும் மின்விசிறியும், மற்றதற்கு வெறும் காற்றும் என்று விட்டால், வேகமும் பருமனும் எப்படித் தொடர்புபட்டிருக்கின்றன என்பதும் தெரியும்.

‘பினாங்குக் கொடிமலைப் பாறை ஏன் தூணாகவில்லை’ என்று யாராவது கேட்கக்கூடும். அது கருங்கல்; தரைக்கு அடியில் வெகு ஆழத்தில் மிக மெல்லக் குளிர்ந்தது. அதிலுள்ள விரிசல்கள் பெரும்பாலும், மேலே இருந்த பாறைச் சுமை அரித்துப்போனதாலும் நிலத்தின் அசைவாலும் பின்னாளில் வந்தவை. மலேசியாவில் தூண் பசால்ட் பார்க்க விரும்பினால் சபாவின் தாவாவ் பகுதிக்குப் போகலாம்.

கட்டியின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பக்கங்களை எண்ணச் சொல்லும்போது, பாத்திரச் சுவரை ஒட்டிய துண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுவர் அவற்றின் ஒரு பக்கத்தை முன்கூட்டியே வெட்டிவிடுவதால், சராசரி ஆறுக்கு வெகுவாகக் கீழே இறங்கிவிடும்.