போனைக் காட்டினால் மெஷினுக்கு எப்படித் தெரிகிறது? – கேள்வி பதில்

கடையில் கார்டையோ போனையோ மெஷினுக்குப் பக்கத்தில் காட்டிப் பணம் கட்டுகிறோமே, அந்தக் கார்டு மெஷின்களுக்கு ஆன்டெனா வடிவமைப்பதும் டியூன் செய்வதும்தான் பல வருடமாக என் பிழைப்பு. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில்.

கல்லூரி மாணவி: புளூடூத் மாதிரிதானே அண்ணா? போன் ஒரு ரேடியோ சிக்னல் அனுப்புது, மெஷின் அதை வாங்கிக்குது. பவர் கம்மி, அதனால பக்கத்துல வைக்கணும். சரியா?

பாதி சரி. பவர் குறைவு என்பதல்ல விஷயம். இந்த மெஷின்கள் வேலை செய்யும் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 22 மீட்டர். மெஷினில் இருப்பதோ தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சுருள். அவ்வளவு சின்னச் சுருளால் அந்த அலையை உருப்படியாக வெளியே வீச முடியாது. அது தன்னைச் சுற்றி ஒரு மாறும் காந்தப்புலத்தை மட்டும் எழுப்பி வைத்திருக்கிறது. அதற்குள் கார்டிலோ போனிலோ இருக்கும் இன்னொரு சுருளைக் கொண்டுபோனால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். மின்மாற்றியின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் இரும்புக்குப் பதில் காற்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புலம் எவ்வளவு வேகமாகத் தேயும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். சுருளின் ஆரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடுவில் இருக்கும் பலம் 4 சென்டிமீட்டர் மேலே போனதும் ஐந்தில் ஒரு பங்கு. 10 சென்டிமீட்டரில் நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. கார்டின் பதிலும் அதே இடைவெளியைத் தாண்டித்தான் திரும்ப வரவேண்டும், அதனால் மெஷின் உணர்வது அந்தத் தேய்மானத்தின் மீது இன்னொரு தேய்மானம். நாலைந்து சென்டிமீட்டரில் கதை முடிந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அதே மாணவி: அப்போ கார்டும் சிக்னல் வீச முடியாதே, அது சொல்ற பதில் மெஷினுக்கு எப்படிக் கேக்குது?

நல்ல கேள்வி, முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது. வீட்டில் மிக்ஸி போட்டால் விளக்கு ஒரு நொடி மங்குமே, கவனித்திருக்கிறீர்களா? மிக்ஸி யாருக்கும் செய்தி அனுப்பவில்லை. ஆனால் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது ஓடுவது தெரிந்துவிடுகிறது. கார்டும் அதைத்தான் செய்கிறது. தன் சுருளோடு ஒரு மின்சுமையைச் சேர்க்கும், விலக்கும். அப்போதெல்லாம் மெஷினின் சுருளில் மின்னழுத்தம் துளித்துளியாக ஏறி இறங்கும். மெஷின் தன் சுருளையே உற்றுக் கவனித்து அந்த நடுக்கத்தைப் படிக்கிறது.

மெஷினும் கார்டும் பேசிக்கொள்ளும் முறைகளில் பரவலாக இருக்கும் ஏ வகையை எடுத்துக்கொள்வோம். மெஷின் பேச வேண்டுமானால் தன் புலத்தையே இரண்டு மூன்று மைக்ரோ வினாடி நிறுத்தி நிறுத்திப் போடும். அந்த இடைவெளி எங்கே விழுகிறது என்பதுதான் செய்தி. பதிலில் ஒரு பிட்டுக்கு 9.4 மைக்ரோ வினாடி. அந்தச் சுமை நடுக்கம் பிட்டின் முதல் பாதியில் வந்தால் 1, பின்பாதியில் வந்தால் 0. அவ்வளவுதான்.

சேலத்தில் இனிப்புக்கடை வைத்திருப்பவர்: சார், எங்க கடையில கார்டை ஒட்டி வச்சா எடுக்குது, போன் வச்சா பாதி நேரம் எடுக்கல. மெஷின் புதுசு. மாத்திக் குடுக்கச் சொல்லவா?

முதலில் அதை எதன் மேல் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எவர்சில்வர் மேசையா? இதே புகாரோடு ஒரு கடைக்குப் போனேன். தட்டையான சின்ன மெஷினை அப்படியே ஸ்டீல் கவுண்டரில் கிடத்தியிருந்தார்கள். மாறும் காந்தப்புலம் தகட்டில் பட்டால் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் எழும், அது எதிர்ப்புலத்தை உண்டாக்கி மெஷினின் புலத்தைத் தின்னும். போதாக்குறைக்குச் சுருளின் தூண்டலும் குறைந்து, டியூன் செய்த அதிர்வெண் மேலே நகர்ந்துவிடும். அடியில் ஒரு மரப்பலகையை வைத்து மூன்று சென்டிமீட்டர் தூக்கினேன், அதோடு சரியாகிவிட்டது. தடிமனான பழைய கணக்குப் புத்தகமும் போதும். தூக்கி வைத்தும் கார்டே தொட்டால்தான் எடுக்கிறது என்றால், அப்போது மாற்றச் சொல்லுங்கள்.

போன் மட்டும் ஏன் தடுமாறுகிறது என்றால், அதன் ஆன்டெனா சின்னது, சுற்றிலும் பேட்டரியும் உலோகமும். வெறும் சுமையைச் சேர்த்து விலக்கினால் மெஷினுக்குக் கேட்கும் அளவுக்கு நடுக்கம் வராது. அதனால் பல போன்கள் பதில் சொல்லும்போது தாமே 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு சின்ன சிக்னலை, மெஷினின் புலத்தோடு தாளம் தப்பாமல், சேர்த்துத் தள்ளுகின்றன. தாளம் கொஞ்சம் பிசகினால், சேர வேண்டிய சிக்னல் கழிந்துவிடும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: தம்பி, நான் க்யூஆர் ஸ்கேன் பண்ணித்தான் பணம் போடுறேன். அதுலயும் இந்தக் காந்தப்புலம் வருமா?

வராது ஐயா. அது கேமராவில் படம் பிடித்து, போன் தன் இணையம் வழியாகப் பணம் அனுப்புவது. மெஷினில் போனைக் காட்டும்போது வங்கியோடு பேசுவது மெஷின். அந்த நொடியில் போனில் இணையம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் நடக்கும்.

புரோகிராம் எழுதுபவர்: பிட் போகிறது புரிகிறது. அப்புறம் என்ன பேசிக்கொள்கிறார்கள்?

முதலில் மெஷின் "யாராவது உண்டா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். யாராவது பதில் சொன்னால் அடையாள எண் வாங்கும். கார்டு பெரும்பாலும் நிலையான எண் தரும்; போன் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் புது எண் தரும். பர்ஸில் இரண்டு கார்டு இருந்தால் இங்கேதான் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். மெஷின் ஒன்றை மட்டும் காட்டச் சொல்லிவிடும். அப்புறம் முதல் கட்டளை இப்படி:

```
00 A4 04 00 0E 32 50 41 59 2E 53 59 53
2E 44 44 46 30 31 00
```

நடுவில் உள்ள 14 பைட்டுகளை எழுத்தாக்கினால் `2PAY.SYS.DDF01`. "உன்னிடம் என்னென்ன கார்டு இருக்கிறது" என்ற கேள்வி அது. பட்டியல் வரும், கடைசியில் `90 00` இருந்தால் எல்லாம் சரி. மெஷின் ஒன்றைத் தேர்ந்து, தொகையையும் தான் அப்போதே உருட்டிய ஒரு தற்செயல் எண்ணையும் கொடுக்கும். போன் தன் ரகசியச் சாவியையும் ஒவ்வொரு முறையும் ஏறும் ஒரு எண்ணியையும் சேர்த்து அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லும் முத்திரையைக் கணக்கிட்டுத் தரும். வங்கிப் பக்கம்தான் அதைச் சரிபார்க்கிறார்கள்.

இன்னொரு வாசகர்: அப்போ பஸ்ஸில் எவனாவது பேன்ட் பாக்கெட் பக்கம் மெஷினைக் கொண்டுவந்தால் பணம் போய்விடுமே! அலுமினியத் தாள் சுற்றி வைக்கிறேன்.

பூட்டிய போனில் பொதுவாக மேலே சொன்ன முத்திரையே வராது. கார்டு விஷயம் வேறு: அது யார் கேட்டாலும் பதில் சொல்லும், இந்தியாவில் 5000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலும் நடக்கும். ஆனால் மெஷின் ஒரு வணிகர் கணக்கோடு கட்டப்பட்டது, பணம் எங்கே போனது என்பது தெரிந்துவிடும். பேச்சை ஒட்டுக்கேட்டாலும் அந்த முத்திரை மறுமுறை செல்லாது. எனக்கு உறுத்துவது வேறொன்று: ஒருவன் உங்கள் கார்டுக்கு அருகில், இன்னொருவன் கடையில், இடையில் இணையம் வழியாகப் பேச்சைக் கடத்துவது. அப்போது இந்த நாலு சென்டிமீட்டர் காவலாக நிற்காது. பதில் வரத் தாமதமாகிறதா என்று அளந்து பிடிக்க வழி உண்டு. எல்லா மெஷினும் அளக்கிறது என்று சொல்ல மாட்டேன். தாள் வேலை செய்யும், சுற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு இனிப்புக்கடைக்காரர்: பலகை வச்சேன் சார், சரியாப்போச்சு. ஒரே ஒரு கஸ்டமர் போன் மட்டும் இன்னும் எடுக்கல. வேற கடையில எடுக்குதாம்.

அவரைப் போனின் மேல்விளிம்பையும் முதுகின் நடுப்பகுதியையும் மெஷின் மீது மெதுவாக நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டெனா ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு இடத்தில். உலோகத் தகடு வைத்த கவர் போட்டிருந்தால் கழற்றட்டும். சில நேரம் ஒட்டி வைப்பதைவிட ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் எடுக்கும். மிக நெருங்கினால் இரண்டு சுருளும் ஒன்றையொன்று டியூனிலிருந்து இழுத்துவிடும். இதெல்லாம் செய்தும் வரவில்லை என்றால் அந்தப் போனுக்கும் உங்கள் மெஷினுக்கும் மட்டும் ஒத்துப்போகவில்லை. யார் மீது தவறு என்று அலைக்காட்டியில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. அதுவரை அவரிடம் கார்டு கேளுங்கள்.