ஸ்டென்ட் எடுத்த பில்லைத் தனியா விட்டுடாதே

"அண்ணே, துபாய் வந்து ஏழு மாசம் ஆகுது. தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனப்ப நாகர்கோவிலில் கிட்னி ஸ்டோன் ஆபரேஷன் ஆயிட்டு. கம்பெனி இன்சூரன்ஸில் பணம் திரும்பக் கேட்க எப்படி எழுதணும்? ரூம் மாறுறதையும் லைசென்ஸையும் பத்திச் சொல்லுங்க."

ரூமும் லைசென்ஸும் கூட இருக்கிறவங்க சொல்லுவாங்க தம்பி. ஆனா "எல்லா பில்லையும் கட்டா அனுப்பு, இன்சூரன்ஸ்காரன் பாத்துக்குவான்"னு அதே ஆட்கள் சொன்னா கேக்காதே. நம்ம ஊர்க்காரங்க பாதிப் பேரு பணத்தை விடுறது அங்கதான். ஆஸ்பத்திரியில என்ன நடந்துதுன்னு பரிசீலிக்கிறவருக்குத் தெரியாது, காகிதம் மட்டும்தான் தெரியும். முதல்ல உன் பாலிசியில இந்தியாவில் எடுத்த சிகிச்சை சேருமா, எத்தனை நாளுக்குள்ள கொடுக்கணும்னு பாரு.

பிறகு ஒரு வெள்ளைத்தாள்ல தேதிவாரியா எழுது. மாசத்தை எழுத்துல எழுது. 04/05ன்னு போட்டா ஏப்ரலா மேயான்னு குழப்பம் வரும். உதாரணத்துக்கு: மே 3, மார்த்தாண்டத்தில் ஸ்கேன், வலது சிறுநீர்க்குழாயில 8 மி.மீ. கல். மே 4 ராத்திரி 11.50, கேசுவால்டி. மே 5, அட்மிஷன். அன்னைக்கே லேசர்ல கல்லை உடைச்சு, சிறுநீர் தடையில்லாம இறங்க ஸ்டென்ட்ங்கிற மெல்லிய குழாய் வச்சாங்க. மே 7, டிஸ்சார்ஜ். மே 26, ஸ்டென்ட் எடுத்தாங்க. ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த பில், எந்த ரிப்போர்ட்னு நம்பர் போடு.

இப்ப ஓட்டை தெரியும். கேசுவால்டி பில் 4ஆம் தேதி, டிஸ்சார்ஜ் சம்மரியில அட்மிஷன் 5ஆம் தேதி. நடுராத்திரி தாண்டித்தான் உள்நோயாளிக்கான ஐ.பி. நம்பர் போட்டிருக்காங்கன்னு நேரத்தோட ஒரு வரி எழுதினா போதும்.

பெரிய சிக்கல் மே 26. அந்த பில்லுல வெறும் 'சிஸ்டோஸ்கோபி'ன்னு, அதாவது சிறுநீர்ப்பைக்குள்ள கேமரா விட்டுப் பாக்கிறதுன்னு மட்டும் இருக்கும். மூணு வாரம் கழிச்சு வேற ஏதோ சோதனைன்னு நினைச்சுத் தள்ளிருவாங்க. 'மூன்று வாரத்தில் ஸ்டென்ட் அகற்ற வரவும்'னு டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்கான்னு தேடு. இல்லைன்னா யூராலஜி டாக்டர்ட்ட லெட்டர்ஹெட்ல, முதல் ஐ.பி. நம்பரைக் குறிச்சு, அதே ஸ்டென்டை எடுத்ததுன்னு எழுதி வாங்கு. ஆபரேஷன் நோட்டுல ஒட்டின ஸ்டென்ட் ஸ்டிக்கரோட நகலும் வேணும்.

ஸ்கேன்ல வலதுன்னும் ஆபரேஷன் நோட்டுல இடதுன்னும் இருக்கான்னு பாரு. அவசரத்துல டைப் பண்றவங்க மாத்திப் போடுறது உண்டு. நோய் வரலாற்றுல 'ஒரு வருஷமா வலி'ன்னு இருந்தா, பாலிசிக்கு முன்னமே இருந்த நோய்னு கேள்வி வரும். உண்மையில வலி வந்து ரெண்டு நாள்தான்னா, டாக்டரே திருத்திக் கையெழுத்தும் சீலும் வைக்கணும். உண்மையிலேயே ஒரு வருஷமா இருந்தா மறைக்காதே, அப்படியே எழுது. நீ பேனா வச்சு ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே. அடிச்சுத் திருத்தின பில் ஒண்ணு இருந்தா மொத்த ஃபைலையும் சந்தேகமாப் பார்ப்பாங்க.

பேரு விஷயத்துல நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குத் தனித் தொல்லை. ஆஸ்பத்திரியில இனிஷியலோட பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா. ரெண்டும் ஒரே ஆள்னு ஆஸ்பத்திரி லெட்டர் ஒண்ணு, ஊர்ல ஆள் இருக்கும்போதே வாங்கிரு.