அம்மாவின் குரல் பதிவைச் சாமான் பட்டியலாக்குவது எப்படி?

"எங்கள் வீடு மயிலாடுதுறை பக்கம் கிராமத்தில் இருக்கிறது. அம்மா இனி என்னோடு சென்னையில் இருக்கப் போகிறார். அறை அறையாக நடந்தபடி என்னென்ன இருக்கிறது என்று 38 நிமிஷம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். நாங்கள் மூன்று பிள்ளைகள், தம்பி துபாயில். இதை எல்லாரும் ஒத்துக்கொள்கிற மாதிரி பட்டியலாக்குவது எப்படி? பழைய சாமான் வாங்குகிற ஒருத்தர், தானே வந்து இலவசமாகப் பட்டியல் போட்டுத் தருகிறேன் என்கிறார். விடலாமா?"

விடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும்.

இன்றைக்கே அந்தப் பதிவை வாட்ஸ்அப்புக்கு வெளியே, மின்னஞ்சலிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். செய்திகள் தானாக அழிகிற வசதியை யாராவது போட்டிருந்தால் ஒருநாள் பதிவே இருக்காது. நாளைக்கு மூன்று பேருக்குள் சந்தேகம் வந்தால் அம்மாவின் குரல்தான் மூலம், பட்டியல் அதன் நகல்.

அப்புறம் ஒருதடவை எதையும் எழுதாமல் முழுக்கக் கேளுங்கள். எந்த நிமிஷத்தில் எந்த இடத்துக்குள் நுழைகிறார் என்பதை மட்டும் குறியுங்கள்: திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, பரண், கொல்லை. வயதானவர்கள் நேராக நடந்து பேசுவதில்லை. அடுக்களையில் நிற்கும்போது கூடத்துப் பீரோ நினைவு வரும், திரும்பிப் போவார். இந்த வரைபடம் இல்லாமல் எழுத ஆரம்பித்தால் ஒரே அண்டாவை இரண்டு தடவை எழுதிவிடுவீர்கள்.

இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு வரி. அதில் இடம், பொருள், எண்ணிக்கை, அடையாளம், அம்மா அதைச் சொன்ன நிமிஷம், கேட்க வேண்டியது, இவ்வளவு போதும். விலைக்குக் கட்டம் போடவே போடாதீர்கள். விலை வந்த இடத்தில் பட்டியல் நின்று சண்டை ஆரம்பிக்கும்.

திருவையாறு பக்கம் ஓர் அம்மா பேசியதைச் சொன்னால் எளிதாகப் புரியும். "ரேழில பெஞ்சு ஒண்ணு, அது மேல பெரிய அண்டா, அதே மாதிரி கொல்லைல ஒண்ணு, அதுல ஓட்டை, அடுக்களைல தவலை ரெண்டு மூணு கிடக்கும், வெங்கலப் பானை நாத்தனார் வாங்கிட்டுப் போனா, இன்னும் குடுக்கல." ஒரே மூச்சில் சொன்ன இதில் ஐந்து வரி இருக்கிறது. ரேழிப் பெஞ்சு 1. ரேழியில் பெரிய அண்டா 1. கொல்லையில் அதே அளவு அண்டா 1, ஓட்டை. தவலைக்கு எண்ணிக்கை போடக்கூடாது, "கேட்க வேண்டும்" என்று எழுத வேண்டும். அவருடைய மகன் சரி மூன்று இருக்கும் என்று தானே 3 போட்டுவிட்டார், வீட்டில் இருந்தது இரண்டு, இல்லாத மூன்றாவது தவலைக்காக அக்கா தம்பி இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. வெண்கலப் பானையையும் எழுதுங்கள், ஆனால் "வெளியே, நாத்தனாரிடம்" என்று. அது வீட்டில் இல்லை, சொத்தில் இருக்கிறது. இருபதாவது நிமிஷத்துக்கு மேல் அதே அம்மா பரணைப் பார்த்து "பெரிய அண்டா" என்று மறுபடி சொல்கிறார். அது ரேழி அண்டாவா, வேறா? நிமிஷத்தைக் குறித்து வைத்திருந்ததால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது.

இந்தப் பட்டியலைக் கெடுக்கிற ஒரே சொல் "வகையறா". பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிலத்தின் நாலு எல்லையை ஒரு பக்கம் எழுதுவார்கள், வீட்டுக்குள் இருப்பதை "பித்தளைப் பாத்திரங்கள் வகையறா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க அந்த அம்மா தேய்த்து வைத்த பாத்திரங்கள் அந்த ஒரு வரிக்குள் காணாமல் போகின்றன. கேட்டால் வழக்கம் என்பார்கள். பல வருஷமாக இதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இலவசமாகப் பட்டியல் போடுகிற ஆளுக்கும் இந்த வகையறாதான் வேண்டும். அவர் போடுகிற பட்டியலில் வெண்கலமும் பித்தளை ஆகிவிடும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலத்துக்கு விலை அதிகம். பானையைத் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் வெண்கலம் நீளமாக ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். விரிசல் விட்ட வெண்கலமும் அடங்கித்தான் கேட்கும், அதனால் விரிசலையும் பாருங்கள். இதைவிடப் பெரிய ஏமாற்று ஈயச் சொம்பில் நடக்கிறது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். அம்மா "ஈயம்" என்றுதான் சொல்வார், வந்தவர் அதைக் காரீய விலைக்கு எடைபோடுவார். வெள்ளீயத்தின் விலை அதைப்போலப் பல மடங்கு. ஆகவே உங்கள் பட்டியலில் "வெள்ளீயச் சொம்பு" என்று எழுதுங்கள், வீட்டுத் தராசில் வைத்து எடையையும் எழுதுங்கள். பாத்திரங்களுக்கு எடைதான் அடையாளம்.

இனி பூஜை அறை. இங்கே மட்டும் ஒரு பொருளுக்கு ஒரு வரி போதாது. சிலையோ, பழைய தஞ்சாவூர்ப் படமோ, படம் வரைந்த சுவடியோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பக்கம் வையுங்கள். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பீடம் என்று மூன்று படம், பக்கத்தில் அளவுகோல், உயரம், எடை, யார் வழியாக வீட்டுக்கு வந்தது என்று அம்மா சொன்ன வார்த்தை அப்படியே. வயதை நீங்களாக எழுதாதீர்கள். "தாத்தா காலத்துது" என்று அம்மா சொன்னால் அதை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், "பழங்காலச் சிலை" என்று மாற்றாதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவை தொல்பொருள். அவற்றில் அரசு அறிவித்த வகைகளை வீட்டில் வைத்திருப்பவர் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். பதிவான பொருள் கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் எதையும் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உங்கள் தம்பி "அந்தக் கிருஷ்ணர் எனக்கு" என்று கேட்டால், துபாய்க்குப் போகுமா என்பதைப் பங்கு பிரிப்பதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிலேயே சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. போன வருஷம் சுவாமிமலையில் வார்த்த புதுச் சிலைக்கும் விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்கலாம். ரசீது கையில் இருக்கும்போது இதற்காக ஒரு குடும்பம் ஏன் அலைய வேண்டும் என்று எனக்குக் கோபம் வரும், ஆனாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியே பயமுறுத்துகிறவர்களும் உண்டு. "வீட்டில் சிலை வைத்திருந்தால் போலீஸ் வரும், இப்பவே குடுத்துடுங்க" என்பார்கள். பரம்பரையாக வைத்திருப்பதே குற்றம் அல்ல, பதிய வேண்டியதைப் பதிந்திருந்தால் போதும். உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்வது குற்றம், அப்படிச் சொல்கிற ஆளிடம் உரிமம் எங்கே என்று கேளுங்கள்.

மூன்றாவது தடவை பதிவைக் கேட்க வேண்டாம், அம்மாவைக் கேட்க வைக்கவேண்டும். ஒருநாள் சாயங்காலம் போன் போட்டு அறை அறையாகப் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். "கேட்க வேண்டும்" வரிகள் அங்கேயே தீரும், "அட, பத்தாயத்துக்குள்ள இருக்கிற மரக்காலைச் சொல்ல மறந்துட்டேனே" என்று புதிதாகவும் வரும். அந்தப் பேச்சையும் பதிவு செய்து முதல் பதிவோடு வையுங்கள். தேதி போட்டு மூன்று பேருக்கும் ஒரே நாளில் ஒரே பிரதியை அனுப்புங்கள். அதற்குப் பிறகு பழைய சாமான்காரர் வரட்டும், கையில் பட்டியலோடு நீங்கள் வாசலில் நின்றுகொள்ளுங்கள்.