எச்சரிக்கை வரி அடிக்குறிப்பு அல்ல: மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தைத் திருத்தி எழுதும் முறை

கேள்வி: திண்டுக்கல்லில் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக இருக்கிறேன். ஏ5 அளவில் ஒரு நோட்டீஸும், உள்ளூர் கேபிள் டிவிக்கு 20 விநாடி விளம்பரமும் தயாரித்திருக்கிறேன். தலைப்பு: ‘மாதம் ₹5,000, 15 ஆண்டில் ₹25 லட்சம்! பாதுகாப்பாக வளரும் உங்கள் பணம்.’ சந்தை அபாய எச்சரிக்கை கீழே ஆங்கிலத்தில் சிறிய சாம்பல் எழுத்தில் இருக்கிறது. டிவியில் கடைசியில் வேகமாகப் படிக்கப்படுகிறது. யாருக்கும் புரியவில்லை என்று என் மகளே சொல்கிறாள். பெரிதாகப் போட்டால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்கிறார் டிசைனர். எப்படித் திருத்துவது?

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. ஆனால் எழுத்தைப் பெரிதாக்குவதிலிருந்து தொடங்காதீர்கள், தலைப்பிலிருந்து தொடங்குங்கள். ‘பாதுகாப்பாக வளரும்’ என்று மேலே கொட்டை எழுத்தில் சொல்லிவிட்டுக் கீழே ‘சந்தை அபாயத்துக்கு உட்பட்டது’ என்று எவ்வளவு பெரிதாகப் போட்டாலும், இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் வாக்கியங்கள். வாசகர் மேலே இருப்பதைத்தான் நம்புவார். ஒரு கூற்றின் முக்கியத்துவத்தை மறைக்கும்படி விளம்பரத்தின் உள்ளடக்கமோ வடிவமோ அச்சோ இருக்கக் கூடாது என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விளம்பர நெறிமுறை சொல்வது இதற்காகத்தான்.

₹25 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் ₹5,000 வீதம் 15 ஆண்டுகள் போட்டால் நீங்கள் கட்டுவது ₹9 லட்சம். ஆண்டுக்கு 12 சதவீதம், ஒரு மாதம்கூடத் தவறாமல் கிடைத்தால் அது சுமார் ₹25 லட்சத்து 20 ஆயிரம் ஆகும். அதே பணம் 6 சதவீதத்தில் வளர்ந்தால் ₹14 லட்சத்து 60 ஆயிரம்தான். 12 சதவீதம் என்பது யாரும் உத்தரவாதம் தராத ஓர் அனுமானம். நோட்டீஸில் அது அனுமானம் என்ற சொல்லே இல்லை. அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டுச் சமாளிக்கலாம் என்று டிசைனர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புதிய தலைப்புக்கு இப்படி ஒரு வடிவம் தருகிறேன்: ‘மாதாமாதம் எஸ்.ஐ.பி. முறையில் முதலீடு. சந்தை ஏறினால் மதிப்பு கூடலாம். இறங்கினால் போட்ட தொகையும் குறையலாம்.’ கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தின் அதே நிறத்தில், அதன் எழுத்தளவில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

‘போட்ட தொகையும்’ என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். ‘சந்தை அபாயம்’ என்பதைப் பலர் வட்டி கொஞ்சம் குறையும் என்று புரிந்துகொள்கிறார்கள். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. அந்த வாரம் என்னிடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு விநியோகஸ்தரின் நோட்டீஸைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ‘முதலுக்கே மோசம் வரும் என்று இதில் எங்கே போட்டிருக்கிறது, காட்டுங்கள் ஐயா’ என்றார். போட்டிருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில், மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தில். நான் என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் என்னாலேயே படிக்க முடிந்தது. அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் டிசைனரின் பயத்துக்கு என் மறுமொழி இதுதான்: இந்த வரியைப் படித்து விலகுகிறவர், படிக்காமல் உள்ளே வந்திருந்தால் முதல் சரிவிலேயே நஷ்டத்தோடு வெளியேறியிருப்பார்.

இனி எச்சரிக்கை வாக்கியம். இதன் சொற்களைக் கூட்டவோ குறைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. எளிமையாக்க விரும்பினால் மேலே தந்ததுபோல் தனி வாக்கியமாக எழுதலாம். நிலையான வாக்கியம் முழுமையாக அப்படியே நிற்க வேண்டும். நீங்களாக மொழிபெயர்க்காமல், ஃபண்ட் நிறுவனம் பயன்படுத்தும் தமிழ் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை, திட்டம் தொடர்பான அனைத்து ஆவணங்களையும் கவனமாகப் படிக்கவும்.’ நோட்டீஸ் தமிழில் இருக்கும்போது எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்தில் இருப்பது தவறு. விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் பொறுப்புத்துறப்பும் இருக்க வேண்டும் என்பது இந்திய விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கியின் வழிகாட்டுதலும்கூட.

தமிழுக்கு மாற்றியதும் ஒரு சிக்கல் வரும். ஆங்கில எழுத்துக்கு ஓரளவு போதுமான 6 பாயின்ட், தமிழுக்குப் போதாது. ண, ன இரண்டும் சுழியின் எண்ணிக்கையில்தான் வேறுபடுகின்றன. மலிவான தாளில் மை பரவினால் சுழிகள் அடைந்துவிடும், புள்ளிகள் மறைந்துவிடும். பாயின்ட் எண்ணை நம்பாமல் அளவுகோலை எடுத்து, அச்சான தாளில் ‘ப’ என்ற எழுத்தின் உயரத்தை அளந்து பாருங்கள். குறைந்தது 2 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்பது என் அளவு. சட்டத்தில் உள்ளதல்ல, அனுபவத்தில் வந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, கொக்கிகள் மேல்வரியில் முட்டாதபடி நல்ல வரி இடைவெளி, இடப்பக்கம் மட்டும் நேராக்கிய பத்தி. இரு பக்கமும் நேராக்கினால் ‘ஆவணங்களையும்’ போன்ற நீண்ட சொற்களுக்கிடையே பெரிய பள்ளங்கள் விழும்.

இடமும் முக்கியம். தாளின் அடி விளிம்பில் அல்ல, தலைப்புக்கும் உங்கள் தொலைபேசி எண்ணுக்கும் நடுவே கட்டம் கட்டிப் போடுங்கள். எண்ணைத் தேடும் கண் அந்தக் கட்டத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

அச்சுக்குத் தரும் கோப்பையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன். ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர். கைப்பேசித் திரையின் அகலம் சுமார் 65. படம் பாதிக்கும் கீழே சுருங்குகிறது. தாளில் 10 பாயின்ட்டாக இருந்த எச்சரிக்கை திரையில் நாலரைப் பாயின்ட்கூட இருக்காது. விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். ₹5,000 என்ற எண்ணைப் பார்க்க யாரும் பெரிதாக்க வேண்டியதில்லையே. வாட்ஸ்அப்புக்குத் தனிப் படம் செய்யுங்கள். அதில் தலைப்பு, எச்சரிக்கை, உங்கள் பெயர், எண் இவை மட்டும் போதும்.

டிவி விளம்பரத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. காட்சி ஊடகத்தில் எச்சரிக்கை திரையிலும் குரலிலும் தெளிவாகப் புரியும்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் செபியின் நெறிமுறை, அதற்கு ஓர் உதாரணமும் தந்தது: 14 சொற்கள், குறைந்தது 5 விநாடி. அந்த 14 ஆங்கில வாக்கியத்தின் சொற்கள். மேலே உள்ள தமிழ் வாக்கியத்தில் சொற்கள் 12தான், அதனால் 5 விநாடி தாராளம் என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் சொல்வார்கள். சொற்களை எண்ணாமல் வாயிலிருந்து வரும் உயிரொலிகளை எண்ணுங்கள். ஆங்கில வாக்கியத்தில் சுமார் 26; தமிழில் ‘மு-த-லீ-டு-கள்’, ‘அ-பா-யங்-க-ளுக்-கு’ என்று எண்ணிக்கொண்டே போனால் சுமார் 46. ஆங்கிலத்துக்கு 5 விநாடி என்றால் அதே வேகத்தில் தமிழுக்கு ஏறத்தாழ 9 விநாடி வேண்டும். 5 விநாடிக்குள் திணித்தால் விநாடிக்கு ஒன்பது ஒலிகள் வந்துவிழும். உங்கள் மகளுக்குப் புரியாமல் போனது இதனால்தான்.

ஆகவே 20 விநாடியில் 9 விநாடி எச்சரிக்கைக்கு. மீதி 11 விநாடி உங்களுக்கு. அதே நிதானத்தில் பேசினால் சுமார் 60 உயிரொலிகள். இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘மாதம் ஐந்நூறு ரூபாயிலிருந்து எஸ்.ஐ.பி. தொடங்கலாம். சந்தை ஏறும்போது மதிப்பு கூடலாம், இறங்கும்போது போட்ட பணமும் குறையலாம். விவரம் கேட்க வாருங்கள்’, அதன்பின் உங்கள் பெயர். சரியாக அடங்குகிறது. ₹500 என்பது நீங்கள் விற்கும் திட்டங்களுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையையும் அதே குரல் படிக்கட்டும். அந்த இடத்துக்கு மட்டும் வேறு ஆளைக் கொண்டுவந்தால், முக்கியமான பகுதி முடிந்துவிட்டது என்று காது முடிவுகட்டிவிடும். பின்னணி இசையை அந்த 9 விநாடியும் நிறுத்துங்கள். பதிவான குரலை மென்பொருளில் வேகப்படுத்த அனுமதிக்காதீர்கள். எடிட்டர் நேரம் மிச்சப்படுத்த முதலில் கைவைக்கும் இடம் இதுதான். இறுதிக் கோப்பு வந்ததும் கைப்பேசிக் கடிகாரத்தை வைத்து நீங்களே அளந்துவிடுங்கள். திரையில் வாக்கியம் ஓடும் எழுத்தாக இல்லாமல், குரல் முடியும்வரை இரண்டு வரிகளில் அசையாமல் நிற்கட்டும்.

நோட்டீஸில் ஒரு ஃபிளெக்ஸி கேப் திட்டத்தின் பெயரும் ஐந்தாண்டு வருமானமும் போடலாமா என்று நீங்கள் யோசித்தால், ஏ5 தாளில் வேண்டாம் என்பேன். கடந்தகால வருமானத்தைச் சொன்னால் நன்றாக இருந்த ஒரு காலத்தை மட்டும் பொறுக்கிச் சொல்ல முடியாது. ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, தொடக்கத்திலிருந்து என எல்லாவற்றையும் ஒப்பீட்டுக் குறியீட்டோடு தர வேண்டும். கடந்தகாலப் பலன் எதிர்காலத்தில் தொடரலாம், தொடராமலும் போகலாம் என்ற வரியும் வேண்டும். திட்டத்தின் அபாய அளவை முள்ளால் காட்டும் ரிஸ்க்கோமீட்டரும் பார்வையில் படும்படி வர வேண்டும். அது 2021 ஜனவரியிலிருந்து ஆறு நிலைகள் கொண்டது. மாதந்தோறும் மதிப்பிடப்படுவதால் மூன்று மாதத்துக்கு முன் அச்சடித்த நோட்டீஸில் பழைய முள் இருந்துவிடலாம். இவ்வளவையும் அந்தச் சிறிய தாளில் ஏற்றினால் மறுபடியும் பொடி எழுத்துக்கே போய்ச் சேருவீர்கள்.

அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நோட்டீஸை நகலெடுத்து, ஐம்பது வயதைத் தாண்டிய, நிதித்துறைக்குத் தொடர்பில்லாத மூன்று பேரிடம் கொடுங்கள். பத்து விநாடியில் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘இதில் பணம் குறையுமா?’ என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் ‘தெரியவில்லை’ என்றாலும் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை. டிவி விளம்பரத்தையும் அப்படியே ஒருமுறை ஒலிக்கவிட்டு, கடைசி வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

பெயருக்குக் கீழே ‘ஆம்ஃபியில் பதிவுபெற்ற மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்’ என்பதும் உங்கள் ஏ.ஆர்.என். பதிவு எண்ணும் வரட்டும், ‘முதலீட்டு ஆலோசகர்’ என்று போட்டுக்கொள்ளாதீர்கள், அது செபியில் தனியாகப் பதிவு பெற்றவர்களுக்குரியது. ஃபண்ட் நிறுவனத்தின் பெயரோ சின்னமோ ஏதாவது ஒரு திட்டமோ இதில் இடம்பெற்றால், அந்த நிறுவனத்தின் முன் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும் என்பது ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் நடத்தை விதி. அனுமதிக்கு அனுப்பும்போது கணினியில் தெரியும் படத்தை மட்டும் அனுப்பாமல், அச்சான தாளின் புகைப்படத்தை அளவுகோலோடு சேர்த்து அனுப்புங்கள். அனுமதி வந்த மின்னஞ்சலை அந்தத் தாளுடன் ஒரே கோப்பில் தேதியிட்டு வையுங்கள்.